பதினெட்டாவது வேட்டி வரை

கைத்தறிக்காரர்கள் ஏன் இன்னும் இடைத்தரகரை நம்பி இருக்கிறார்கள், நேரடியாக விற்க வேண்டியதுதானே என்று கேட்கிறவர்கள் எல்லாரும் போட்டோ, வாட்ஸ்அப், கூரியர் பற்றியே பேசுகிறார்கள். அதெல்லாம் கடைசி வேலை. முதல் வேலை பாவுக் கணக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் மொத்தமாக ஏற்றும் நூலின் கணக்கு. கன்னியாகுமரி மாவட்டம் இரணியல் பக்கத்தில் எங்கள் வீட்டில் இரண்டு தறி இருக்கிறது, ஒன்று அப்பாவுக்கு, ஒன்று அண்ணனுக்கு. சில மாதமாக வீட்டில் இதே பேச்சுதான். அதில் எனக்குப் புரிந்ததை எழுதுகிறேன்.

இப்போது நடப்பது இதுதான். நாங்கள் முதலாளி என்று சொல்லும் அந்த இடைத்தரகர் நூல் தருகிறார், பாவு தயார் செய்யும் செலவும் அவருடையது. நெய்த துணியை எண்ணி வாங்கிக்கொண்டு வாரம் தோறும் கூலி தருகிறார். மழையோ சீசனோ, துணி விற்றதோ விற்கவில்லையோ, அது அவர் பாடு. அவர் எடுக்கும் லாபம் அதிகம்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அவர் செய்வதில் பாதி வியாபாரம், பாதி கடன் கொடுப்பது. அவரை விட்டு வெளியே வந்தால் அந்தக் கடன் கொடுக்கும் வேலையும் நம் தலையில் விழும். இதை யாரும் சொல்வதில்லை.

எட்டு முழ வேட்டியை வைத்தே கணக்குப் போடுவோம். 80-ஆம் நம்பர் நூல், அகலம் 50 அங்குலம், அங்குலத்துக்கு 72 பாவு இழை. அப்படியென்றால் பாவில் 3,600 இழை. நூறு மீட்டர் பாவு போட்டால், கழிவெல்லாம் போக, சுமார் 25 வேட்டி வரும். பாவும் குறுக்கே ஓடும் ஊடையும் சேர்த்து ஐந்து கிலோ நூல். கிலோ 500 ரூபாய் என்று வைத்தால் 2,500. கரை நூலுக்கு 300. பாவு ஓட்ட, கஞ்சி போட, பழைய பாவின் நுனியோடு 3,600 இழையையும் ஒவ்வொன்றாகப் பிணைக்க எல்லாம் சேர்த்து 1,500. மொத்தம் 4,300 ரூபாய். இது தறியில் உட்காரும் முன்பே கையை விட்டுப் போகும் பணம்.

முதலாளி வேட்டிக்கு 400 கூலி தந்தால், இதே 25 வேட்டிக்கு 10,000 ரூபாய் வரும். கையிலிருந்து ஒரு பைசா போடாமல்.

நாமே 900 ரூபாய்க்கு விற்பதாக வைப்போம். கூரியர், கவர் எல்லாம் சேர்த்து ஒரு வேட்டிக்கு 90 போனால் கையில் 810 நிற்கும். பதினேழு வேட்டி விற்றால் 13,770. அதில் 4,300 கழித்தால் முதலாளி தரும் கூலியை இன்னும் தொடவில்லை. பதினெட்டாவது வேட்டி விற்ற பிறகுதான் நேரடி விற்பனை கூலியைத் தாண்டுகிறது. அதற்கு மேல் விற்கும் ஏழு வேட்டிதான் லாபம். அதிலும் இரண்டு மூன்றில் இழை அறுந்திருக்கும், கறை பட்டிருக்கும், விலை குறைத்துத்தான் தள்ள வேண்டும். பதினெட்டு பேர் கிடைக்க மூன்று மாதம் ஆனால், அந்த மூன்று மாதமும் வீட்டுச் செலவுக்கு எங்கே போவது?

மைனி இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, அப்போ விலையை 1,200 வைப்போம் என்றாள். வைக்கலாம். ஆனால் விசைத்தறி வேட்டி பாதி விலைக்குக் கிடைக்கும்போது, வித்தியாசம் தெரிந்து 1,200 கொடுக்கிற ஆள் தனியாக ஒரு வேட்டி வாங்க வருகிறவராக இருக்க மாட்டார் என்பது என் எண்ணம். இங்கேதான் பாவின் இன்னொரு குணம் குறுக்கே வருகிறது.

பக்கக் கரையின் நிறம் பாவிலேயே இருக்கிறது. பச்சைக் கரை வைத்துப் பாவு ஏற்றினால் 25 வேட்டியும் பச்சைக் கரைதான். போட்டோ போட்டால் ஒருவர் மெரூன் கேட்பார், ஒருவர் நீலம் கேட்பார், ஒருவர் கரை இன்னும் கொஞ்சம் ஒல்லியாக வேண்டும் என்பார். கடைக்காரன் பல தறியின் துணியை அடுக்கி வைத்திருப்பதால் எடுத்துக் கொடுப்பான். ஒரு தறி வைத்திருப்பவன் எங்கே போவான்? நாம் மாற்றித் தரக்கூடியது ஊடையில் விழும் குறுக்குக் கோடு மட்டும்தான்.

அதனால் நான் வீட்டில் சொன்னது: வேட்டியை விற்காதீர்கள், பாவை விற்போம். ஒரே கரையில் பத்துப் பதினைந்து கேட்கிறவர்களைத் தேட வேண்டும். கல்யாண வீட்டில் மாமன் மச்சான் எல்லாருக்கும் ஒரே மாதிரி எடுக்கிறார்கள். கோயில் கொடை நடத்தும் கமிட்டி, சர்ச் பாடகர் குழு, இப்படி எத்தனையோ பேர் நம்மைச் சுற்றியே இருக்கிறார்கள். கரை நிறத்தை அவர்களே சொல்லட்டும், பாதிப் பணம் முன்னாலேயே தரட்டும். பன்னிரண்டு வேட்டிக்குப் பாதிப் பணம் 5,400. நூலும் பாவுச் செலவும் அதிலேயே அடங்கிவிடும். பதினெட்டைத் தொட மீதி ஆறு பேரைத் தேடுவது பெரிய பாடு இல்லை.

ஓணத்துக்கும் இதே வழிதான், ஆனால் நாள் கணக்கில் கவனம் வேண்டும். 1956-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தாலும் எங்கள் வேட்டிக்கும் மேலே போடும் நேரியதுக்கும் சந்தை இன்னும் திருவனந்தபுரம் பக்கம்தான். ஓணம் ஆகஸ்ட் செப்டம்பரில் வரும். கஞ்சி போட்ட பாவைத் தெருவில் நீட்டிக் காய வைக்க வெயில் வேண்டும். ஜூன் மாதம் இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் காய வைக்க இடமே இல்லை. ஆகவே மே மாதத்துக்குள் ஆர்டர் கைக்கு வராவிட்டால் அந்த ஓணத்தை மறந்துவிட வேண்டியதுதான். ஜூலையில் போட்டோ போட்டு ஆர்டர் கேட்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். கேரளத்துக்குப் பார்சல் அனுப்புவது மாநிலம் விட்டு மாநிலம் விற்பது, ஜிஎஸ்டி என்ன ஏது என்று ஆடிட்டரிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். இன்னொன்று, பலராமபுரம் கைத்தறிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. இங்கே நெய்ததை அந்தப் பெயர் சொல்லி விற்கக் கூடாது. ஊர்ப் பெயரைப் போட்டே விற்போம், அதில் என்ன குறை.

பணத்தைத் திருப்பிக் கேட்கிறவர்கள் சொல்லும் காரணம் இரண்டுதான். முதல் சலவையில் துணி சுருங்கி அளவு குறைகிறது. அதற்குச் சொன்ன நீளத்தை விட நாலு விரல் கூட்டி நெய்துவிட வேண்டும், நூல் செலவு பெரிதில்லை. அடுத்தது, ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டை இருக்கிறது என்பார்கள். நெய்யும்போது துணி சுருங்காமல் அகலமாக நிற்க இரண்டு ஓரத்திலும் ஊசி குத்தும் குச்சி வைக்கிறோம் இல்லையா, அந்த ஊசித் தடம் அது. துவைத்தால் பெரும்பாலும் மறையும். இதை அனுப்பும்போதே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வைத்துவிட்டால் பாதிச் சண்டை வராது.

அப்பாவுக்கு முழு மனது இல்லை. "மக்களே, அவரு தீவாளிக்குத் தந்த முன்பணம் நிக்கி. அதை வெச்சிட்டு எப்படிப் போக?" என்றார். அவர் சொல்வது நியாயம்தான். முன்பணம் நிற்கும் தறியை நடுவில் நிறுத்தினால் மரியாதையும் போகும், அவசரத்துக்கு அடுத்த கைமாற்றும் கிடைக்காது. அதனால் அப்பாவின் தறி முதலாளிக்கே ஓடட்டும். வாரக் கூலி வரும், அடுப்பு எரியும், முன்பணமும் கழியும். அண்ணனின் தறியில் முன்பணம் இல்லை. அதை மட்டும் நேரடி விற்பனைக்குத் திருப்புகிறோம், முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு.

முதல் பாவுக்கு ஒரு கல்யாண வீட்டிலிருந்து பன்னிரண்டு பேசியிருக்கிறோம். விலை 900-ஆ 950-ஆ என்று அண்ணனும் மைனியும் இன்னும் முடிவு செய்யவில்லை. கரை மட்டும் மெரூன் என்று உறுதியாகிவிட்டது. அதே மெரூன் கரையில் இன்னும் ஆறு வேட்டி வேண்டுமென்றால் சொல்லுங்கள்.