உங்கள் சனி அவர் சந்திரன் மேல் இருந்தால்

இரண்டு ஜாதகங்களை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது, ஒருவருடைய சனி மற்றவருடைய சந்திரனைத் தொட்டால் உடனே ஒரு தீர்ப்பு வந்துவிடும்: "பாரமா இருக்கும், ஆனா பிரியமாட்டாங்க." இதில் முதல் பாதியை நான் ஏற்கிறேன். இரண்டாம் பாதியை அப்படியே விழுங்க முடியவில்லை.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கணவர் 1994-இல் பிறந்தவர், அவருடைய சனி கும்பத்தில் 12 பாகையில் இருக்கிறது. மனைவியின் சந்திரன் கும்பத்தில் 13 பாகை, சதய நட்சத்திரம். ஒரு பாகைதான் இடைவெளி. சந்திரன் என்பது அவர் யோசிக்காமல் அழும், சிரிக்கும், சிணுங்கும் இடம். அந்த இடத்தில் கணவரின் சனி உட்கார்ந்திருக்கிறது. மனைவி எதையாவது சொல்லி வருத்தப்பட்டால் கணவர் தேற்றமாட்டார், வழி சொல்லுவார். "இதுக்கெல்லாம் அழுவாங்களா?" என்பார். மனைவிக்குத் தன் மனசை யாரோ பரீட்சைத் தாள் மாதிரி திருத்திக்கொண்டே இருப்பதாகத் தோன்றும். கொஞ்ச நாளில் சொல்வதையே குறைத்துக்கொள்வார்.

இதைப் பேசும்போது எல்லோரும் சந்திரன் பக்கத்துக்காரருக்காகவே பரிதாபப்படுகிறார்கள். சனி பக்கத்தில் இருப்பவருக்கும் நிம்மதி கிடையாது. அவருடைய பயமும் போதாமையும் எங்கே இருக்கிறதோ, சரியாக அங்கேதான் துணை வந்து நிற்கிறார். "இவளை நான்தான் பார்த்துக்கணும், தப்பா போயிடக்கூடாது" என்ற பொறுப்பு ஏறிக்கொள்கிறது. அந்தப் பொறுப்பு வெளியே வரும்போது கண்டிப்பாக வருகிறது. பல நேரம், தான் கண்டிப்பாகப் பேசுகிறோம் என்பதே அவருக்குத் தெரியாது. ஒரே உணர்வு ஒருவருக்குப் பாரமாகவும் இன்னொருவருக்குக் கடமையாகவும் படுகிறது. நிலைத்திருக்கும் என்று சொல்வதற்கான காரணமும் இந்தக் கடமைதான்.

இன்னொரு காரணம் காலக்கணக்கில் இருக்கிறது. இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. சனி ஒரு சுற்றை முடிக்கச் சுமார் 29½ வருடம் எடுக்கும். நம் உதாரணத்தில் 2023-லும் 2024 தொடக்கத்திலும் கோசாரச் சனி, அதாவது அப்போது வானில் நகர்ந்துகொண்டிருந்த சனி, கும்பத்தில் அதே 12 பாகையைக் கடந்தது. கணவருக்கு அது சனி தன் பழைய இடத்துக்குத் திரும்பும் காலம்: வேலை, கடன், பெற்றோர் பொறுப்பு எல்லாம் நெருக்கும் வயது. அதே மாதங்கள் மனைவிக்கு ஜென்மச் சனி, ஏழரையின் நடுக்கட்டம். இருவரும் ஒரே நேரத்தில் நசுங்குகிறார்கள். தொடர்பு இல்லாத ஜோடியில் ஒருவர் விழும்போது மற்றவர் சாதாரணமாக இருப்பார். இங்கே அந்த வசதி இல்லை. ஆனால் அந்தக் கட்டத்தைச் சேர்ந்து தாண்டியவர்களுக்குப் பொதுவாக ஒரு வரலாறு கிடைத்துவிடுகிறது. அப்புறம் ஏறக்குறைய ஏழு வருடத்துக்கு ஒருமுறை சனி அந்தப் புள்ளிக்குக் கேந்திரத்தில், அதாவது 90, 180, 270 பாகை தள்ளி, வரும்போதெல்லாம் கணக்கு மறுபடி திறக்கும்.

சரி, அப்படியென்றால் சனித் தொடர்பு இருந்தால் திருமணம் நிலைக்குமா? ஒரு சின்ன கணக்குப் போட்டுப் பாருங்கள். சேர்க்கை, நேரெதிர், இரு பக்கமும் 90 பாகையில் இரண்டு கேந்திரங்கள், ஆக நான்கு இடம். முன்னும் பின்னும் 5 பாகை விட்டால் 360-இல் 40 பாகை, அதாவது ஒன்பதில் ஒரு பங்கு. சூரியன், சந்திரன், சுக்கிரன், செவ்வாய், லக்னம் என்று ஐந்தை எடுத்து இரு பக்கமும் பார்த்தால் பத்து வாய்ப்பு. கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கும் ஜோடிகளிலேயே பத்துக்குச் சுமார் ஏழில் ஏதாவது ஒரு சனித் தொடர்பு வந்துவிடும். நாற்பது வருடம் வாழ்ந்த தம்பதியின் ஜாதகத்தில் அதைக் கண்டு வியப்பதில் என்ன இருக்கிறது? பிரிந்தவர்களிடமும் அதே அளவுக்கு இருக்கும், அவர்கள் ஜாதகத்தை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். ஒரே வயதுக்காரர்களின் சனி-சனி சேர்க்கையோ இன்னும் மோசம், வகுப்பில் பாதிப் பேரோடு உங்களுக்கு அது இருக்கும்.

அதனால் நான் ஒரு பாகைக்குள் இருந்தால் மட்டும்தான் பேசுவேன். அப்போதும் முதலில் பார்ப்பது சுக்கிரனையும் குருவையும். அவர்களிடமிருந்து ஏதாவது இதமான தொடர்பு இருக்கிறதா? இல்லையென்றால் சனி கட்டிப்போடும், பிரியம் இருக்காது. பிரியாமல் இருப்பதையே நல்ல திருமணம் என்று எழுதிக்கொடுக்கும் ஜோதிடர்கள் மேல் எனக்குக் கோபம் வருவது இங்கேதான். அடுத்தது, மனைவியின் சனியும் கணவரின் சூரியனையோ சந்திரனையோ தொடுகிறதா என்பது. தொட்டால் இருவரும் மாறி மாறிப் பெரியவர் ஆகிறார்கள். ஒருபக்கம் மட்டும் என்றால் ஒருவர் எப்போதுமே வாத்தியார்.

நம் உதாரணத் தம்பதிக்கு அடுத்த கேந்திரம் 2030, 2031 வாக்கில், சனி ரிஷபத்தில் இருக்கும்போது. அவர்கள் கேட்டால் கணவரிடம் ஒன்றுதான் சொல்வேன்: அவள் அழும்போது வழி சொல்லாமல் பக்கத்தில் உட்காருங்க. பரிகாரம் வேறு எதுவும் எனக்குத் தெரியாது.