ஊசியை இழுக்கும் விளம்பரமும் ஐந்து நட்சத்திரமும்

அம்மாவுக்கு முதல்முதலாக ஒரு போன் கேம் தேடிக் கொடுப்பதற்குள் எரிச்சல் தலைக்கேறிவிட்டது. விளம்பர வீடியோவில் ஒரு பக்கம் தீக்குழம்பு, மறுபக்கம் புதையல், நடுவே ஊசிகள். ஆடுகிறவர் வேண்டுமென்றே தப்பான ஊசியை இழுத்துத் தோற்கிறார். பார்க்கிற நமக்குக் கை துறுதுறுக்கிறது. இறக்கிப் பார்த்தால் ஒரே நிறத்தில் மூன்றைச் சேர்க்கும் ஆட்டம்! ஊசிப் புதிர் எப்போதாவது ஒருமுறை தலைகாட்டுகிறது, அவ்வளவுதான்.

இது புதிய ஏமாற்று இல்லை. ஹோம்ஸ்கேப்ஸ், கார்டன்ஸ்கேப்ஸ் கேம்களின் இத்தகைய விளம்பரங்களை 2020-லேயே பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு தடுத்தது. எல்லாக் காட்சிகளும் ஆட்டத்தில் வராது என்று சின்ன எழுத்தில் போட்டிருந்ததை அது ஏற்கவில்லை. ஆனாலும் அதே ஊசி இன்றும் ஓடுகிறது.

சரி, விமர்சனங்களைப் படிக்கலாம் என்றால் மேலே "சூப்பர்", "நைஸ்" வரிசை. ஜெயித்த நொடியிலேயே நட்சத்திரம் கேட்டால் வேறென்ன வரும்? இரண்டு, மூன்று நட்சத்திரக்காரர்கள்தான் விஷயத்தைச் சொல்கிறார்கள். அதையும் புதியவை முதலில் வரும்படி மாற்றிப் படிக்க வேண்டும். "முப்பதாவது லெவலுக்கு மேல் காசு கொடுக்காமல் நகராது", "ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு விளம்பரம்" என்று இரண்டு மூன்று பேர் ஒரே குறையைச் சொன்னால் நம்பலாம். வயதானவர் கைதவறி விளம்பரத்தைத் தொட்டு அடுத்த கேமையும் இறக்கிவிடுவாரே, அந்தக் கவலை யாருக்காவது இருக்கிறதா?