காத்திருந்தவர்களுக்கு முறை வரவே இல்லை

சென்ற வாரம் எங்கள் கல்லூரிக்கு வளாகத் தேர்வு நடத்த வந்த ஒரு நிறுவனத்தின் ஆப்டிட்யூட் சுற்றில் தேறி, குரூப் டிஸ்கஷன் அறைக்குள் போன நான், மொத்தம் 20 விநாடிகூடப் பேசாமல் வெளியே வந்தேன். வேலை கிடைக்கவில்லை என்பதற்காக நான் கொதிக்கவில்லை. "பிறர் பேசும்போது குறுக்கிடாதீர்கள், அவர் முடிக்கும்வரை காத்திருந்து பேசுங்கள்" என்று பிளேஸ்மென்ட் பயிற்சி வகுப்பில் ஓராண்டு முழுக்க எங்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, அதை நம்பிக் காத்திருந்தவர்களையே வெளியே அனுப்பினார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

நாங்கள் 11 பேர், கொடுக்கப்பட்ட நேரம் 12 நிமிடம். சமமாகப் பகிர்ந்தால் ஆளுக்கு 65 விநாடி வரும். பணியாளர்கள் வீட்டிலிருந்து வேலை செய்வதை நிறுத்திவிட்டு அலுவலகத்துக்கே திரும்ப வேண்டுமா என்பது தலைப்பு. தலைப்பைச் சொன்ன மூச்சிலேயே 3ஆம் எண்காரர் தொடங்கினார். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் 7ஆம் எண்காரர் பிடித்துக்கொண்டார். அதன் பிறகு பெரும்பாலான நேரம் அந்த இருவருக்கும் இன்னொருவருக்கும் இடையிலேயே ஓடியது. மூலையில் உட்கார்ந்திருந்த மதிப்பீட்டாளர்கள் இருவரும் ஒருமுறைகூட வாய் திறக்கவில்லை.

காத்திருந்தால் முறை வரும் என்பது இப்படிப்பட்ட கூட்டத்தில் நடக்கவே நடக்காது. உரையாடலில் முறை எப்படிக் கைமாறுகிறது என்று சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் ஆகிய உரையாடல் ஆய்வாளர்கள் மூவரும் 1974இல் விளக்கியிருக்கிறார்கள். பேசுபவர் அடுத்தவரைப் பெயர் சொல்லியோ கேள்வி கேட்டோ அழைத்தால் முறை அவருக்குப் போகும். யாரையும் அழைக்காவிட்டால் முதலில் வாய் திறப்பவருக்குப் போகும். எவரும் திறக்காவிட்டால் பேசியவரே தொடரலாம். எங்கள் அறையில் யாரும் யாரையும் அழைக்கவில்லை. ஆகவே மிஞ்சியது முந்துகிறவனுக்கே முறை என்ற விதி ஒன்றுதான். ஒருவர் முடித்து இன்னொருவர் தொடங்குவதற்கு இடையிலான இடைவெளி சாதாரணப் பேச்சில் ஏறத்தாழ ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான். முழு அமைதி வரட்டும் என்று மரியாதையாகக் காத்திருப்பவருக்கும், தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வாக்கியத்தை மனத்துக்குள் கோத்துப் பார்த்துப் பேசுபவருக்கும் அந்த இடைவெளி எப்படிப் போதும்?

உண்மையில் சொல்லித்தந்திருக்க வேண்டியது வேறு. பேசுபவரின் கருத்து முடிவுக்கு வருவதையும் குரல் தாழ்வதையும் கவனித்து, அவருடைய கடைசிச் சொல்லின்மேல் "ஆமாம், அதோடு" என்று ஏறித் தொடங்குவது குறுக்கீடு ஆகாது; வாக்கியத்தின் நடுவில், கருத்து இன்னும் பிறக்காதபோது வெட்டுவதுதான் குறுக்கீடு. நல்ல பேச்சாளர்கள் எல்லோரும் தம்மையறியாமல் செய்யும் இந்த வேறுபாட்டை எங்களுக்கு ஒருவர்கூட எடுத்துச் சொல்லவில்லை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி, வாயை மூடிக்கொண்டிருப்பதற்குப் பண்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

எட்டாவது நிமிடத்தில் நடந்ததை நான் மறக்க மாட்டேன். அதற்குள் நான்கு முறை முன்னால் சாய்ந்து, வாய் திறந்து, மீண்டும் பின்னால் சாய்ந்துவிட்ட 9ஆம் எண்காரர் என் விடுதி அறைத் தோழர். அதைக் கவனித்த 5ஆம் எண் மாணவி, தனக்குக் கிடைத்த வாய்ப்பையே விட்டுக்கொடுத்து, "9ஆம் எண்காரர் நெடுநேரமாகப் பேச முயல்கிறார், அவரைக் கேட்போம்" என்றார். அந்த அறையில் ஒருவர் இன்னொருவரை அழைத்தது அந்த ஒரே ஒரு முறைதான். தோழர் தொடங்கினார். 2020 ஊரடங்கின்போது, ஒரே அறை கொண்ட தம் வீட்டில், நோயில் படுத்திருந்த பாட்டியின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இணைய வகுப்புக் கேட்டதிலிருந்து அவர் ஆரம்பித்தார்; வீட்டில் இடமே இல்லாதவனுக்கு அலுவலகம்தான் வசதி என்ற கருத்துக்கு அவர் வந்துகொண்டிருந்தபோது, 7ஆம் எண்காரர் "உற்பத்தித்திறன்" என்று உரத்த குரலில் நுழைந்தார். பாதி வாக்கியத்தோடு தோழர் நிறுத்திக்கொண்டார். மதிப்பீட்டாளர் தலை நிமிரவில்லை, கையும் உயர்த்தவில்லை.

மாலையில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய பட்டியலில் 3, 7 ஆகிய எண்கள் இருந்தன; 5, 9 இரண்டும் இல்லை. குழுவாக இணைந்து பணியாற்றும் திறனைப் பார்ப்பதற்காகவே இந்தச் சுற்று என்று காலையில் அறிமுக உரையில் சொன்னவர்களும் இதே ஆட்கள்தான்! அந்த அறையில் குழுவுக்காக ஏதாவது செய்த ஒரே மனிதர் 5ஆம் எண் மாணவி.

இதைச் சரிசெய்ய ஒரு காசும் செலவாகாது. முதலில் ஆளுக்கு 30 விநாடி வரிசையாகப் பேசவிட்டால் ஐந்தரை நிமிடத்தில் 11 பேரின் கருத்தும் மேசைக்கு வந்துவிடும். மிச்சமுள்ள ஆறரை நிமிடத்தை விவாதத்துக்குத் திறந்துவிடலாம். பாதியில் வெட்டுபவரை "அவர் முடிக்கட்டும்" என்று மதிப்பீட்டாளர் ஒருமுறை தடுத்தாலே போதும். அடுத்த நிறுவனம் வரும் வியாழக்கிழமை வருகிறது. என் தோழர் பெயர் கொடுக்க மாட்டேன் என்கிறார்.