தீராத புதிரைக் கொடுத்துவிட்டுக் குழந்தையிடம் பொறுமை கேட்காதீர்கள்

போன வாரம் இரண்டு நாள் சாயங்காலம் என் மகள் ஒரே புதிரோடு உட்கார்ந்திருந்தாள். மூன்றுக்கு மூன்று கட்டம், 1 முதல் 8 வரை எண் போட்ட டைல்கள், ஒரு இடம் காலி, நகர்த்தி நகர்த்தி வரிசையாக்க வேண்டும், நமக்கெல்லாம் பிளாஸ்டிக்கில் கிடைத்த அதே விளையாட்டுதான், இப்போது போனில். இரண்டாம் நாள் என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். "அப்பா, எப்படிச் செஞ்சாலும் கடைசியில இந்த 8-உம் 7-உம் மட்டும் இடம் மாறியே நிக்குதுப்பா." முதல் இரண்டு வரிசை சரி. கடைசி வரிசையில் 8, 7, காலி. பார்த்ததுமே புரிந்துவிட்டது, அவள்மேல் ஒரு தப்பும் இல்லை. அந்தப் புதிருக்கு விடையே கிடையாது.

செயலி செய்தவர்களுக்கு எழுதினேன். "டைல்கள் ரேண்டமாகத்தான் கலைக்கப்படுகின்றன, பொறுமையாக முயற்சி செய்யுங்கள்" என்று பதில் வந்தது. எனக்குக் கோபம் வந்ததே அந்த ரேண்டம் என்ற வார்த்தையில்தான். ரேண்டமாகக் கலைத்து அப்படியே கொடுத்தால் சரிபாதி புதிர்கள் தீராதவை. எப்போதாவது நடக்கிற விபத்து இல்லை இது, இரண்டில் ஒன்று.

காரணம் என்ன என்று அவளுக்குக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன், அதையே இங்கேயும் சொல்கிறேன். அவளுக்கு முதலில் வந்த புதிர் இது:

```
5 2 1
7 _ 3
4 8 6
```

காலி இடத்தை விட்டுவிட்டு மேலிருந்து ஒரே வரிசையாக எழுதுங்கள்: 5 2 1 7 3 4 8 6. பெரிய எண் முன்னாலும் சின்ன எண் பின்னாலும் நிற்கிற ஜோடிகளை எண்ணுங்கள். 5-க்குப் பின்னால் அதைவிடச் சின்னவை 2, 1, 3, 4, ஆக நான்கு. 2-க்குப் பின்னால் 1, ஒன்று. 7-க்குப் பின்னால் 3, 4, 6, மூன்று. 8-க்குப் பின்னால் 6, ஒன்று. மொத்தம் 9, ஒற்றைப்படை.

இப்போது டைலை நகர்த்திப் பாருங்கள். இடம் வலமாக நகர்த்தினால் எழுதிய வரிசை மாறுவதே இல்லை. மேல் கீழாக நகர்த்தினால் அந்த டைல் வரிசையில் சரியாக இரண்டு எண்களைத் தாண்டுகிறது. 2-ஐக் கீழே இறக்கினால் அது 1-ஐயும் 7-ஐயும் தாண்டும். 1-ஓடு இருந்த ஜோடி போய்விடும், 7-ஓடு புதிதாக ஒன்று வரும், மொத்தம் அதே 9. அதற்குப் பதில் 8-ஐ மேலே ஏற்றினால் 3-ஐயும் 4-ஐயும் முந்திவிடும், 9 என்பது 11 ஆகும். எதைச் செய்தாலும் இரண்டு கூடும், இரண்டு குறையும், இல்லை அப்படியே நிற்கும். ஒற்றைப்படை ஒருநாளும் இரட்டைப்படை ஆகாது. முடிந்த நிலையில் இந்த ஜோடிகள் பூஜ்யம், அது இரட்டைப்படை. அப்புறம் எங்கிருந்து போய்ச் சேருவது? இரண்டு நாள் இல்லை, இருபது வருஷம் உட்கார்ந்தாலும் 8-உம் 7-உம் மாறித்தான் நிற்கும். ஆகவே "கடைசி இரண்டு மட்டும் சரியாக மாட்டேன் என்கிறது" என்று விளையாடுகிறவர்கள் எழுதினால், ஒற்றை இரட்டை பார்க்காமல் கலைத்திருக்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. நான்குக்கு நான்கு கட்டத்தில் 14-உம் 15-உம் இடம் மாறிய புதிர் 1880-இல் அமெரிக்காவையே ஆட்டிவைத்தது. அதைத் தீர்த்தால் 1000 டாலர் என்று அமெரிக்கப் புதிர் வித்தகர் சாம் லாயிட் பின்னாளில் அறிவித்தார், அந்தப் பணத்தை யாரும் வாங்கவே முடியாது. தீராது என்பதை ஜான்சன், ஸ்டோரி என்ற இரண்டு கணித அறிஞர்கள் 1879-இலேயே கணித இதழில் நிறுவிவிட்டார்கள். இத்தனை வருஷம் கழித்தும் கடைக்கு வருகிற செயலியில் இதே ஓட்டை இருப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, செய்ய வேண்டியது எவ்வளவு? பட்டியலில் எண்களைக் கலைத்ததும், ஒரு டைலைக்கூடத் திரையில் வைப்பதற்கு முன்னால், ஜோடிகளை எண்ண வேண்டும். ஒற்றைப்படை வந்தால் காலி அல்லாத ஏதாவது இரண்டு எண்களை மாற்றிப் போட்டால் போதும்.

```python
import random

def inversions(t):
    a = [x for x in t if x != 0]
    return sum(a[i] > a[j]
               for i in range(len(a))
               for j in range(i + 1, len(a)))

t = list(range(9))
random.shuffle(t)
if inversions(t) % 2 == 1:
    i, j = [k for k in range(9) if t[k] != 0][:2]
    t[i], t[j] = t[j], t[i]
```

இதில் `x != 0` என்ற இடம்தான் பலர் சறுக்குகிற இடம். காலி இடத்தையும் பூஜ்யம் என்ற எண்ணாக வைத்து எண்ணிவிட்டால், அதற்கு முன்னால் எத்தனை டைல் இருக்கிறதோ அத்தனை ஜோடி கூடிவிடும். காலி இடம் மூலையிலோ நடுவிலோ இருந்தால் கூடுவது இரட்டைப்படை, பிழை வெளியே தெரியாது. மீதி நான்கு இடங்களில் இருந்தால் தீர்கிற புதிரைத் தீராது என்று நினைத்து மாற்றி, நாமே கெடுத்துவிடுவோம். சோதித்தேன், சரியாகத்தான் வந்தது என்று சொல்கிறவர்கள் காலி இடம் எங்கே இருந்தபோது சோதித்தார்கள் என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று, இதே கணக்கை நான்குக்கு நான்குக்கு அப்படியே எடுத்துப் போவது. அங்கே மேல் கீழாக நகரும் டைல் மூன்று எண்களைத் தாண்டுகிறது, அதனால் ஒவ்வொரு முறையும் ஒற்றை இரட்டை மாறும். காலி இடம் கீழிருந்து எத்தனையாவது வரிசை என்பதையும் கூட்ட வேண்டும், அடிவரிசை என்றால் 1. கூட்டுத்தொகை ஒற்றைப்படை என்றால் தீரும். 14-15 மாறியதில் ஒரு ஜோடி, காலி அடிவரிசையில், ஒன்றும் ஒன்றும் இரண்டு, தீராது. காலி இடம் வலது கீழ் மூலையில் வந்து முடிகிற புதிருக்குத்தான் இந்தக் கணக்கு.

"எதற்கு இவ்வளவு, முடிந்த நிலையிலிருந்து கண்டபடி நகர்த்திக் கலைத்தால் எப்போதும் தீருமே" என்று ஒரு நண்பர் சொன்னார். தீரும்தான். ஆனால் எனக்கு அந்த வழி பிடிக்கவில்லை. இருபது முப்பது நகர்த்தலில் பாதி முன்னே போய்ப் பின்னே வருவதாகவே கழியும், புதிர் சப்பென்று இருக்கும். அதுவும் நகர்த்தல் எண்ணிக்கையை எப்போதும் ஒரே இரட்டைப்படை எண்ணாக வைத்தால், காலி இடம் நான்கு மூலைகளிலும் நடுவிலும் மட்டுமே வரும், வேறு எங்கும் வராது. எண்ணிப் பார்த்து மாற்றிப் போடும் வழியில் இந்தச் சாய்வு கிடையாது. தீராத ஒவ்வொரு அமைப்பும் தீர்கிற ஒரே ஒரு அமைப்பாக மாறுவதால், தீரக்கூடிய 1,81,440 அமைப்புகளுக்கும் சமமான வாய்ப்பு.

அந்தச் செயலியில் "கைவிடு" என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள். தீராத புதிரில் அதை அழுத்தினாலும் "அடுத்த முறை வெல்வீர்கள்" என்றுதான் வருகிறது. ஒன்பது வயதுக் குழந்தை அதைப் படித்துவிட்டுத் தனக்குத்தான் வரவில்லை என்று நினைத்துக்கொள்கிறது, எனக்கு அதுதான் ஆறவில்லை.

நேற்று அவள் புதிரைத் திறந்ததும் நகர்த்தாமல் ஒரு பழைய நோட்டை எடுத்துக்கொண்டாள். 8 1 3, 4 காலி 2, 7 6 5. விரல் விட்டு எண்ணி, "பன்னிரண்டு, இது வரும்ப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் முதல் டைலைத் தொட்டாள்.