247 எழுத்து, 90 நாள்

ஏப்ரல் வந்தால் அலுவலகத்தில் ஒரு எக்செல் தாள் சுற்ற ஆரம்பிக்கும். வருட இலக்குகளை எழுதுங்கள், எல்லாம் ‘ஸ்மார்ட்’டாக இருக்கட்டும் என்று எச்.ஆர். மெயில் போடுவார்கள். அந்தச் சொல்லின் ஐந்து ஆங்கில எழுத்துக்கும் ஒவ்வொரு நிபந்தனை: குறிப்பாக இருக்க வேண்டும், அளக்க முடிய வேண்டும், எட்டக்கூடியதாக, வேலைக்குப் பொருத்தமாக, கெடுநாளோடு இருக்க வேண்டும். நானும் வருடா வருடம் நிரப்பித் தருகிறேன். அப்படி நிரப்பிய ஓர் இலக்கு ஒரு நல்ல வேலையை எப்படிக் கெடுத்தது என்று சொல்லத்தான் இந்த நீளப் பதிவு.

நான் எழுத்துரு வரைகிறவன். ஃபாண்ட் என்றால் சட்டென்று புரியும். சில வருடங்களுக்கு முன் வேறொரு ஸ்டூடியோவில் இருந்தேன். ஒரு பத்திரிகைக்காரர், தன் இதழின் உள்பக்கங்களுக்கென்றே ஒரு தமிழ் எழுத்து வேண்டும் என்று வந்தார். நானும் இன்னொரு பையனும் வேலையில் இறங்கினோம். மேனேஜர் எழுதிய இலக்கு: ‘தமிழின் 247 எழுத்துகளையும் 90 நாளில் முடிப்பது.’ குறிப்பாக இருக்கிறது, எண்ணிவிடலாம், நாளும் குறித்தாயிற்று. ஒரு நாளைக்கு மூன்று எழுத்துகூட வராது. இதைவிடக் கச்சிதமான இலக்கை யாரும் எழுத முடியாது என்றுதான் எனக்கும் அன்று தோன்றியது.

எங்கே சறுக்கியது என்று புரிய, ஃபாண்டுக்குள் தமிழ் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று கொஞ்சம் தெரிய வேண்டும். பள்ளிக்கூடக் கணக்கில் உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று. ஆனால் வரைகிறவனுக்கு இந்த 247-ம் ஒரே எடை இல்லை. க, ச, ட என்று 18 அகர வரிசை எழுத்துகளையும் வரைந்துவிட்டால், மேலே புள்ளி வைத்ததும் 18 மெய்யும் வந்துவிடும். ஒரு கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு, ஔகாரத்துக்கு வரும் அந்த ‘ள’ மாதிரி உரு, இந்த ஐந்தையும் வரைந்தால் ஆ, எ, ஏ, ஐ, ஒ, ஓ, ஔ என்று ஏழு வரிசை, மொத்தம் 126 எழுத்து, தானாக வந்து நிற்கும். ஆக 18 எழுத்து, ஒரு புள்ளி, ஐந்து குறி. இவ்வளவுதான் வரைந்திருப்போம், தாளில் 162 எழுத்து முடிந்தது என்று காட்டலாம். கிட்டத்தட்ட 65 சதவீதம்.

மிச்சம் 85. வேலை இருப்பது அங்கேதான். உகர, ஊகார வரிசையில் ‘கு’வுக்கும் ‘டு’வுக்கும் ‘து’வுக்கும் ‘பு’வுக்கும் ஒரே சூத்திரம் கிடையாது, அந்த 36-ஐயும் தனித்தனியாக வரைய வேண்டும். இகர, ஈகாரக் குறியான விலங்கையும் ஒவ்வொரு எழுத்தின் தோளிலும் பார்த்துப் பார்த்துப் பொருத்த வேண்டும்.

நாங்கள் என்ன செய்தோம்? எண்ணிக்கை ஏறுகிற பக்கமாகப் போனோம். நான்காவது வாரத்திலேயே 65 சதவீதம். மீட்டிங்கில் கைதட்டல். மேனேஜர் அந்த வரைபடத்தைப் பத்திரிகைக்காரருக்கும் அனுப்பி வைத்தார். அதற்கப்புறம் 85-ஐ மூச்சு முட்ட முடித்தோம். இடையில் யாரும் ஒரு பக்கம் முழுக்கக் கதையை ஓடவிட்டு பிரின்ட் எடுத்துப் பார்க்கவில்லை. ஏனென்றால் பிரின்ட் எடுத்தால் எக்செலில் எந்த எண்ணும் ஏறாது. சோம்பல் என்று சொல்லிவிடாதீர்கள், இரண்டு பேரும் ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்த நாட்கள் அவை.

பதினோராவது வாரம் முதல் பக்கம் பிரின்ட் ஆனது. பத்திரிகைத் தாள், 10 பாயின்ட். ‘கண்ணாடி’ என்ற சொல்லை மட்டும் சொல்கிறேன். ‘ட’ என்பது ஒரு நிமிர்ந்த கோடு, ஒரு படுத்த கோடு, மீதி எல்லாம் வெள்ளை. ‘ண’வில் சுழிக்கு மேல் சுழி. இரண்டையும் ஒரே தடிமனில் வரைந்திருந்தோம். திரையில் பெரிதாக்கிப் பார்த்தபோது லட்சணமாக இருந்தது. தாளில் மை கொஞ்சம் பரவியதும் ‘ண்ணா’வின் சுழிகள் அடைத்துக்கொண்டு கறுப்புத் திட்டாக நின்றன, பக்கத்தில் ‘டி’ வெளிறிப்போய்த் தெரிந்தது. பக்கத்தை எட்ட வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. எங்கெல்லாம் ண, ஞ, ஐ வருகிறதோ அங்கெல்லாம் ஒரு புள்ளி.

இதைச் சரிசெய்ய ‘ண’வை மட்டும் தொட்டால் போதாது. அதன் கோட்டை மெலிதாக்கினால் அகலத்தைக் கூட்ட வேண்டும். அகலம் கூடினால் ‘ன’ அதோடு ஒத்துப்போக வேண்டும். ‘ன’ மாறினால் னு, னூ, னி, னீ எல்லாம் மாற வேண்டும். அடித்தளமே தப்பு, மேலே ஐந்து மாடி கட்டியாகிவிட்டது. 90-ஆம் நாள் எக்செல் தாள் 100 சதவீதம் பச்சை. பத்திரிகைக்காரர் அச்சுப்பக்கத்தைப் பார்த்தார், ‘வேண்டாம் சார்’ என்று சொல்லிவிட்டார்.

அந்த 90 நாளில் நாங்கள் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது ‘இந்தத் தாளில், இந்த அளவில் எந்தத் தடிமன் தாங்கும்’ என்பதை. இலக்கோ, அது ஏற்கெனவே தெரியும், இனி வரைய வேண்டியதுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டு எழுதப்பட்டது. வழி தெரிந்த வேலைக்கு எண்ணிக்கை பொருந்தும். வழியைத் தேடுவதே வேலையாக இருக்கும்போது, எண்ணிக்கை நம்மைத் தேட விடாது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஸ்மார்ட்டை எழுதியவரே இவ்வளவு கறாராகச் சொல்லவில்லை. ஜார்ஜ் டோரன் என்ற அமெரிக்கர், ஒரு மின் நிறுவனத்தில் திட்டமிடல் பிரிவில் இருந்தவர், 1981-இல் ஒரு நிர்வாக இதழில் எழுதிய சின்னக் கட்டுரைதான் இதன் தொடக்கம். அதில் நடு எழுத்து ‘எட்டக்கூடியது’ இல்லை, ‘யார் பொறுப்பு என்று சொல்லக்கூடியது’. எல்லா இலக்குக்கும் ஐந்தும் பொருந்த வேண்டும் என்பதில்லை என்று அதிலேயே சொல்லியும் இருக்கிறார். அது காற்றில் போய்விட்டது, ஐந்து கட்டங்கள் மட்டும் படிவத்தில் தங்கிவிட்டன.

1989-இல் கான்ஃபர், ஆக்கர்மன் என்ற இரண்டு உளவியலாளர்கள் அமெரிக்க விமானப்படைப் பயிற்சியாளர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். கணினியில் விமானங்களைத் தரையிறக்குகிற, விதிகள் நிறைந்த ஒரு வேலை. கற்றுக்கொள்ளும் ஆரம்பக் கட்டத்திலேயே ‘இவ்வளவு எடுக்க வேண்டும்’ என்று இலக்கு வைத்தபோது அது தடையாகத்தான் இருந்தது. வேலை கைக்குப் பழகிய பிறகு வைத்தபோது உதவியது. கற்றுக்கொள்ள வேண்டிய கவனத்தில் ஒரு பங்கை ‘இலக்கில் எங்கே நிற்கிறோம்’ என்ற கவலை தின்றுவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். அதைப் படித்தபோது எங்கள் நான்காவது வாரக் கைதட்டல்தான் ஞாபகம் வந்தது.

பத்திரிகைக்காரர் நல்ல மனுஷன், இன்னொரு வாய்ப்பு தந்தார். இந்த முறை மேனேஜரிடம் கெஞ்சி எக்செலை ஓரம் வைத்தோம். முதலில் ஒரு வாக்கியம் எழுதினோம்: ‘மலிவுத் தாளில், 10 பாயின்ட்டில், அறுபது வயதுக்காரர் இரண்டு பக்கத்தை நிறுத்தாமல் படிக்க வேண்டும், அழகா, வாசிப்பா என்று வந்தால் வாசிப்பு.’ இதற்கு முன்பும் ஒரு வாக்கியம் வைத்திருந்தோம், ‘நவீனமாகவும் தமிழ் மணத்தோடும்’ என்று. அதை வைத்துக்கொண்டு எதையும் வேண்டாம் என்று சொல்ல முடியாது, எதை வரைந்தாலும் அது பொருந்தும். புதியது முதல் வாரமே ஒன்றை வெட்டியது. நான் ஆசையாக வரைந்திருந்த ‘ழ’வின் கீழ்ச்சுழி, அடுத்த வரியின் விலங்கில் போய் இடித்தது. மனசு வலித்தது, எடுத்துவிட்டேன். திசை காட்டும் வாக்கியம் வேலை செய்கிறதா என்று அறிய எனக்குத் தெரிந்த சோதனை இதுதான், அது நம் கையில் இருக்கிற எதையாவது வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும்.

அப்புறம் எழுத்து எட்டு மட்டும் எடுத்துக்கொண்டோம். க, ட, ண, த, ப, ம, ர, ழ. கூடவே புள்ளி, கால், விலங்கு. இவ்வளவை வைத்தே பழம், மரம், தமிழ், பட்டணம், கட்டடம், கண்ணாடி எல்லாம் எழுதிவிடலாம். வெளிறிய ட, அடைத்துக்கொள்ளும் ண, கீழே இறங்கும் ழ, மூன்று தொல்லையும் இந்த எட்டுக்குள்ளேயே இருக்கின்றன. வாரத்துக்கு இத்தனை எழுத்து என்று வைக்காமல், வாரத்துக்கு ஒரு கேள்வி வைத்தோம். முதல் வாரம்: ‘ண’வின் சுழி அடைக்காமல் இருக்க எவ்வளவு மெலிய வேண்டும்? நான்கு தடிமனில் வரைந்து, அதே தாளில் அடித்து, சுவரில் ஒட்டினோம். இரண்டாவது வாரம்: மெலிந்த ‘ண’வுக்குப் பக்கத்தில் ‘ட’ இன்னும் குறுகலாமா? மூன்றாவது வாரம் பத்திரிகைக்காரரின் அப்பாவையே கூட்டிவந்து படிக்கச் சொன்னோம். அவர் தடுமாறியது ‘ண’வில் இல்லை, ‘ர’வுக்கும் காலுக்கும் வித்தியாசம் போதாமல் ‘மரம்’ என்பதை ‘மாம்’ என்று வாசித்தார். எங்கள் இருவர் தலையிலும் ஒருக்காலும் உதித்திருக்காத கேள்வி அது. நான்காவது வாரம் அதற்குப் போனது.

‘சும்மா உட்கார்ந்திருக்கிறார்களா, யோசிக்கிறார்களா என்று நான் எப்படிக் கண்டுபிடிப்பது?’ என்று மேனேஜர் கேட்டார். நியாயமான கேள்வி, சம்பளம் தருகிறவர் கேட்பார்தானே. கேள்வி மாறுகிறதா என்று பாருங்கள் சார் என்றேன். மூன்று வாரமாகச் சுவரில் அதே கேள்வி ஒட்டியிருந்தால் நாங்கள் சிக்கிக்கொண்டோம் என்று அர்த்தம். கூடவே, எவ்வளவு போனால் தாங்கும் என்பதையும் முன்னாடியே பேசிவிட்டோம். ஆறு வாரச் சம்பளம். அதற்குள் அந்த எட்டு எழுத்தில் ஒரு பக்கம் சீரான சாம்பல் நிறமாகத் தெரியவில்லை என்றால் வேலையை விட்டுவிடுவது. ஆரம்பத்திலேயே எழுதி வைத்தால்தான் இது நடக்கும். ஆறாவது வாரம் வந்த பிறகு யோசித்தால், இன்னும் ஒரே ஒரு வாரம் என்று எல்லோருக்கும் தோன்றும்.

ஐந்தாவது வாரம் பக்கம் சமமானது. அதற்கப்புறம் நானே எக்செலைத் திறந்தேன். மீதி எழுத்துகள், தடித்த வடிவம், எழுத்து ஜோடிகளுக்கு நடுவே இடைவெளியைச் சரிசெய்கிற கெர்னிங், இதெல்லாம் வழி தெரிந்த வேலை. நாளைக்கு இத்தனை என்று எண்ணித்தான் செய்ய வேண்டும், எண்ணாவிட்டால் முடியவே முடியாது. அதனால் ஸ்மார்ட்டே வேண்டாம் என்று கொடி பிடிக்கிறவர்களோடும் நான் சேர மாட்டேன். கிளையன்ட்டுக்குப் பொங்கல் மலர் தேதி தேதிதான், நம் தேடலுக்காக அது தள்ளிப்போகாது.

இப்போது இருக்கும் இடத்திலும் அதே தாள்தான். இந்த வருடம் ஒரு புது எழுத்துரு ஆரம்பிக்கிறோம். ‘அளவீடு’ என்ற கட்டத்தில் ‘சுவரில் எத்தனை கேள்வி மாறியது’ என்று எழுதி அனுப்பினேன். எச்.ஆரிலிருந்து திரும்பி வந்தது, எண் வேண்டுமாம். 12 என்று போட்டேன். ஏற்றுக்கொண்டார்கள்.