பெட்டியின் மேல் 525, உள்ளே 60

அக்கா மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக வந்த தொலைநோக்கியை, சென்ற மாதம் ஓர் இரவு மொட்டைமாடியில் நிறுத்தி, வியாழனைப் பார்க்க முயன்றோம். பெட்டியின் முகப்பில் சனிக்கோளின் பெரிய வண்ணப்படமும், அதைவிடப் பெரிய எழுத்தில் ‘525 மடங்கு’ என்ற எண்ணும் அச்சாகியிருந்தன. அவன் கேட்டது நியாயமான கேள்விதான்: "மாமா, 525 மடங்குன்னு போட்டிருக்கே, அப்புறம் ஏன் எல்லாம் கலங்கலாத் தெரியுது?" அவனுக்கு அன்றிரவு சொன்ன பதிலைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். இத்தகைய பெட்டியைப் பார்த்துப் பணம் கொடுக்கும் பெற்றோர் பலர், விற்பவர் எதை மறைக்கிறார் என்று அறியாமலேயே கொடுக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது.

முதலில் அந்த 525 எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். குழாயின் மேல் F70060 என்று ஒரு குறி இருந்தது. முகப்பு லென்ஸின் குவியத் தொலைவு 700 மி.மீ., அதன் விட்டம் 60 மி.மீ. என்பதே அதன் பொருள். குவியத் தொலைவைக் கண்ணருகே செருகும் லென்ஸின் குவியத் தொலைவால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். பெட்டியில் 20, 12.5, 4 மி.மீ. என மூன்று கண்ணருகு லென்ஸ்கள் இருந்தன. இவை முறையே 35, 56, 175 மடங்கு தருகின்றன. கூடவே, எந்த எண்ணையும் மூன்றால் பெருக்கிக் கொடுக்கும் பார்லோ லென்ஸ் ஒன்றும் இருந்தது. 175 மும்மடங்கானால் 525. இவ்வளவுதான் கணக்கு. சிறிய விலையில் கிடைக்கும் இன்னொரு கண்ணருகு லென்ஸைச் செருகினால் இதே குழாயில் ஆயிரம் மடங்கும் வரும். வேண்டியபோது மாற்றிக்கொள்ளக்கூடிய ஓர் எண்ணால் ஒரு கருவியின் தரத்தைச் சொல்ல முடியாது. வாங்கிய பிறகு மாற்றவே முடியாதது முகப்பு லென்ஸின் விட்டம் ஒன்றுதான்.

அந்த விட்டம் இரண்டு வேலைகளைச் செய்கிறது. ஒன்று, ஒளியைச் சேர்ப்பது. இருட்டில் விரிந்த நம் கண்மணியின் திறப்பு ஏறத்தாழ 7 மி.மீ.; 60 மி.மீ. லென்ஸ் அதைப்போல் எழுபது மடங்குக்குச் சற்று அதிகமான ஒளியை வாங்கிக் கண்ணுக்குக் கொடுக்கிறது. எந்தக் கண்ணருகு லென்ஸைப் போட்டாலும் இந்த இருப்பு ஒரு துளியும் கூடாது. 35 மடங்கிலிருந்து 525 மடங்குக்குப் போகும்போது கோளின் உருவம் நீளத்தில் 15 மடங்கு, அகலத்தில் 15 மடங்கு என விரிகிறது. அதே ஒளி 225 மடங்கு பரப்பின் மேல் பரவுவதால், ஒவ்வொரு பகுதியின் பொலிவும் 225-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. வியாழன் போன்ற பிரகாசமான கோளே மங்கிச் சாம்பல் பூத்ததுபோல் ஆனதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது வேலை, நெருக்கமாக இருப்பவற்றைப் பிரித்துக் காட்டுவது. ஒளி அலையாக இருப்பதால், எவ்வளவு நேர்த்தியாகக் கடைந்த லென்ஸும் ஒரு விண்மீனைக் கணிதப் புள்ளியாகக் குவிக்காது. சிறிய வட்டத் திட்டாகத்தான் குவிக்கும். லென்ஸ் அகலமானால் அந்தத் திட்டு சிறுக்கும், குறுகினால் பெருக்கும். ஒரு பாகையை 3600 பங்காக்கினால் வரும் ஒரு பங்கு விகலை. 60 மி.மீ. லென்ஸ் பிரித்தறியக்கூடிய நுட்பத்தின் எல்லை ஏறத்தாழ 2 விகலை. வியாழனின் அகலம் 40 விகலை அளவில் இருக்கும்போது, அதன் முகத்தில் குறுக்காக இருபது நுட்பங்களைத்தான் இந்த லென்ஸ் எடுத்துத் தருகிறது. 56 மடங்கிலேயே ஒவ்வொரு நுட்பமும் சாதாரணக் கண்ணுக்குத் தெரியும் அளவை எட்டிவிடுகிறது. 525 மடங்கில் அதே இருபதும் இருபதாகவே இருக்க, ஒவ்வொன்றும் நாம் வெறுங்கண்ணால் காணும் முழுநிலவின் பாதி அகலத்துக்கு ஊதிப்போகிறது. இல்லாத விவரம் பெருக்குவதால் பிறக்காது. இருக்கும் மங்கல்தான் பெரிதாகும்.

இதனால்தான் விட்டத்தை மில்லிமீட்டரில் எழுதி இரண்டால் பெருக்கினால் வரும் எண்ணைப் பயனுள்ள உருப்பெருக்கத்தின் மேல் எல்லையாக அனுபவசாலிகள் கொள்கிறார்கள். 60 மி.மீ.க்கு அது 120. பெட்டியில் வந்த 4 மி.மீ. லென்ஸ் பார்லோ இல்லாமலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். பார்லோவைச் சேர்த்தால் தொலைநோக்கியிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றை 0.1 மி.மீ. அளவுக்குச் சுருங்குகிறது. அவன் "ஏதோ நூல் நூலா மிதக்குது மாமா" என்றது வானத்தில் இருந்ததை அல்ல. அவ்வளவு மெல்லிய ஒளிக்கற்றையில் நம் கண்ணுக்குள்ளேயே மிதக்கும் இழைகளின் நிழல் தெரியத் தொடங்கும். போதாக்குறைக்கு, அந்த உருப்பெருக்கத்தில் பார்வைப் பரப்பு மிகக் குறுகிவிடுவதால், பூமியின் சுழற்சியே வியாழனை இருபது நொடிக்குள் வெளியே தள்ளிவிடும். மெல்லிய முக்காலியைத் தொட்டுத் திருப்பினால் அதிர்வு அடங்கவே அதில் பாதி நேரம் போய்விடுகிறது.

பார்லோவைக் கழற்றிவிட்டு 12.5 மி.மீ. லென்ஸைப் போட்டோம். உருவம் சிறுத்தது, ஆனால் விளிம்பு கூர்மையானது. வியாழனின் இரண்டு பழுப்புப் பட்டைகளும், அதன் இருபுறமும் ஒரே கோட்டில் நான்கு நிலவுகளும் தெரிந்தன. "இது சின்னதா இருந்தாலும் நல்லா இருக்கு" என்று அவனே சொன்னான். அந்தக் கருவி குப்பை அல்ல. அதன் மேல் ஒட்டிய எண்தான் பொய்.

இதோடு 130 மி.மீ. கண்ணாடி கொண்ட தொலைநோக்கி ஒன்றை ஒப்பிட்டுப் பாருங்கள். லென்ஸுக்குப் பதில் ஆடி என்றாலும் கணக்கு ஒன்றே. கூடவே வரும் லென்ஸ்களால் அறுபது, எழுபது மடங்குக்கு மேல் போகாத அதன் பெட்டி, கடையில் 525-க்குப் பக்கத்தில் ஏழையாகத் தெரியும். ஆனால் அது நான்கு மடங்குக்கும் மேலான ஒளியைச் சேர்க்கிறது, 0.9 விகலை வரை பிரிக்கிறது. மே மாத மாலைகளில் நம் தெற்கு வானில் தாழ்வாக நிற்கும் ஒமேகா சென்டாரி என்னும் விண்மீன் கொத்து, 60 மி.மீ.யில் புகைத்திட்டாக இருக்கும். 130-இல் நல்ல இருட்டான ஊரிலிருந்து பார்த்தால் மணல் தூவியதுபோல் தனித்தனி விண்மீன்களாக உதிரத் தொடங்கும். உருப்பெருக்கம் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தாலும் இந்த வேறுபாடு இருக்கும்.

ஜவ்வாது மலைக் காவலூரில் உள்ள வைனு பாப்பு தொலைநோக்கியை அறிமுகம் செய்யும் எவரும் 2.34 மீட்டர் தொலைநோக்கி என்றுதான் சொல்வார்கள். அது எத்தனை மடங்கு பெருக்கும் என்று வானியலாளர் யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

விட்டத்துக்கும் எல்லை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. 200 மி.மீ. ஆடிக்கு 400 மடங்கு என்று கணக்கு சொன்னாலும், நம் தலைக்கு மேலுள்ள காற்றின் கொந்தளிப்பு பெரும்பாலான இரவுகளில் 200, 250-க்கு மேல் விடுவதில்லை. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் மாடி மாலையில் அந்த வெப்பத்தை வெளிவிடும்போது இன்னும் மோசம். இரவு ஏறிய பிறகு பார்ப்பதே நல்லது.

எழுதிய விட்டத்தையும் அப்படியே நம்பிவிட முடியாது. சில மலிவான குழாய்களுக்குள் நடுவில் துளையிட்ட ஒரு வளையத்தை வைத்து லென்ஸின் ஓரத்தை மறைத்திருப்பார்கள். தொலைவில் உள்ள ஏதாவதொன்றுக்குக் குவியம் சரிசெய்தபின், இருட்டறையில் கண்ணருகு லென்ஸின் பின்னால் சற்றுத் தள்ளி டார்ச்சைப் பிடித்து, முகப்பு லென்ஸை ஒட்டி ஒரு வெள்ளைத்தாளை வையுங்கள். அதில் விழும் ஒளிவட்டத்தின் அகலமே உண்மையாக வேலை செய்யும் விட்டம். அன்றிரவு கீழே இறங்கி வந்து அவனே அளவுகோலை வைத்துப் பார்த்தான். சரியாக ஆறு சென்டிமீட்டர் இருந்தது.