வெண்ணெயைக் கூட்டினால் வெடிப்பு நிற்காது

“முறுக்கு வெடிக்குதா? இன்னொரு கரண்டி வெண்ணெய் சேருங்க, எண்ணெயும் குடிக்காது” என்றார் ஒரு அண்ணா.

இரண்டுமே சரியில்லை, அண்ணா. வெண்ணெய் குறைந்தால் முறுக்கு கல்லாகும். கூடினால் பிரிந்து எண்ணெய் குடிக்கும். வெடிக்க வைப்பது உள்ளே சிக்கிய ஈரம்.

போன மார்கழியில் ஏற்காட்டு அத்தை வீட்டில், குளிருக்கு வீட்டு வெண்ணெய் மாவில் கட்டிகட்டியாக நின்றது. அதிலிருந்த மோர்த்தண்ணீர் ஆவியாகி, முறுக்கு படபடவென்று தெறித்தது. அடுத்த ஈட்டுக்கு 4 கப் அரிசி மாவுக்கு 2 மேசைக்கரண்டி வெண்ணெயை உருக்கி, உலர்மாவிலேயே பிசிறி, அப்புறம்தான் தண்ணீர் தெளித்தோம். தெறிக்கவில்லை.

கிள்ளிப் போட்ட மாவு அடியிலேயே தங்கினால் எண்ணெய் காயவில்லை, முறுக்கு குடிக்கும். உடனே சிவந்தால் மேல்தோல் இறுகி ஆவி அடைபடும்.

தட்டுவடை வெடிக்காமல் இருக்க என்ன செய்வது என்று கேட்ட தங்கைக்கு: ஆவி வெளியேற அதைக் குத்தி ஓட்டை போட்டுவிடலாம், முறுக்கில் முடியாது.

அத்தை இன்னும் எள்ளின் மேல்தான் பழி போடுகிறார்.